பழைய கணக்கு விவரங்களின் சான்றளித்த நகல்கள் கேட்டு வங்கிக் கிளை மேலாளருக்குக் கடிதம்

அனுப்புநர்
இரா. கலைவாணி,
உரிமையாளர், கலைவாணி முந்திரி மண்டி,
குண்டு சாலை, கடலூர் – 607001.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
கடலூர் முதுநகர் கிளை,
கடலூர் – 607003.

நாள்: 10-11-2025

பொருள்: நடப்புக் கணக்கு, சி.சி. கணக்கு ஆகிய இரண்டுக்கும் பழைய ஸ்டேட்மென்ட்களின் சான்றளித்த நகல்கள் கோருதல் – ஜி.எஸ்.டி. தணிக்கைக்கும் கடன் விண்ணப்பத்துக்கும்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கிளையில் என் மண்டியின் பெயரில் நடப்புக் கணக்கு வைத்திருக்கிறேன். அதன் இப்போதைய எண் 4718 என்று முடியும். 2021 பிப்ரவரியில் வங்கியின் மென்பொருள் மாறுவதற்கு முன் இதே கணக்கின் எண் 0362 என்று முடிந்தது. இதோடு 15 லட்சம் ரூபாய் வரம்பில் சரக்கு அடமானத்தின் பேரில் ஒரு சி.சி. கணக்கும் இருந்தது. அது 6-8-2018 அன்று தொடங்கி 29-7-2022 அன்று முழுத் தொகையும் கட்டி முடிக்கப்பட்டது. இந்தக் கடிதத்தின் நகல் என் ஆடிட்டர் கோப்புக்கும் போவதால் முழு எண்களை இங்கே எழுதவில்லை. இணைத்துள்ள ரத்து செய்த காசோலையிலும் சி.சி. அனுமதிக் கடிதத்தின் நகலிலும் அவை இருக்கின்றன.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என் கிடங்குக்குள் புகுந்தது. மூட்டைகளோடு சேர்ந்து, கட்டுக் கட்டாக வைத்திருந்த பழைய ஸ்டேட்மென்ட்களும் ரசீதுகளும் நனைந்து வீணாயின. அதனால்தான் என்னிடம் இருந்திருக்க வேண்டியதையே தங்களிடம் கேட்க வேண்டிய நிலை.

எனக்குத் தேவைப்படுபவை இரண்டு தொகுப்புகள்.

முதலாவது, நடப்புக் கணக்கின் ஸ்டேட்மென்ட், 1-4-2020 முதல் 31-3-2023 வரை. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 65-ஆம் பிரிவின் கீழ் அந்த மூன்று நிதியாண்டுகளுக்கும் தணிக்கை அறிவிப்பு வந்திருக்கிறது. வங்கியில் வந்த ஒவ்வொரு வரவும் விற்பனையா, வேறு பணமா என்று காட்ட வேண்டும். விவரங்களைச் சமர்ப்பிக்க வேண்டிய நாள் 8-12-2025.

இரண்டாவது, சி.சி. கணக்கின் ஸ்டேட்மென்ட், தொடங்கிய நாள் முதல் முடித்த நாள் வரை, அதாவது 6-8-2018 முதல் 29-7-2022 வரை. முந்திரிக்கொட்டை வேகவைத்து உலர்த்தும் இயந்திரங்களுக்காக வேறொரு வங்கியில் 35 லட்சம் ரூபாய் காலக்கடன் கேட்டிருக்கிறேன். முந்தைய கடனை எப்படி நடத்தினேன் என்பதற்கு முழுக் கணக்கையும் சான்றோடு தரச் சொல்கிறார்கள்.

போன செப்டம்பரில் கவுன்டரில் கேட்டபோது உடனே பிரின்ட் எடுத்துக் கொடுத்தார்கள். அந்த அவசரத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் கடன் அதிகாரி அதைத் திருப்பிவிட்டார். அதில் தொடக்க இருப்பு இல்லை, முத்திரை முதல் பக்கத்தில் மட்டும் இருந்தது, கடைசியில் "This is a computer generated statement and does not require signature" என்ற வரி இருந்தது. அதனால் இந்த முறை என்னென்ன வேண்டும் என்பதை விவரமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஸ்டேட்மென்ட் இடைவெளி இல்லாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். பரிவர்த்தனை எதுவும் நடக்காத மாதம் இருந்தாலும் அதைத் தாண்டிப் போகாமல் இருப்பைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் ஏப்ரல் 1-ஆம் தேதித் தொடக்க இருப்போடு ஆரம்பித்து, மார்ச் 31-ஆம் தேதி இறுதி இருப்போடு முடியும்படி தனித்தனியாக எடுத்துத் தந்தால் தணிக்கைக்கு வசதி. பக்க எண் "மொத்தம் இத்தனையில் இது இத்தனையாவது" என்று தெரிய வேண்டும். பரிவர்த்தனை நாள், மதிப்பு நாள், காசோலை எண் அல்லது யு.டி.ஆர். எண், பற்று, வரவு, ஒவ்வொரு வரிக்குப் பின்னும் உள்ள இருப்பு ஆகியவை எல்லாம் அச்சில் வர வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் விவரக் குறிப்பு, ஐயா. அதை வெட்டாமல் முழுதாகத் தர வேண்டும். ஒரே ஒரு வரவைச் சொல்கிறேன். 18-2-2021 அன்று நடப்புக் கணக்கில் 4,80,000 ரூபாய் வரவாகியிருக்கிறது. அது தங்கள் கிளையிலேயே உள்ள என் சேமிப்புக் கணக்கிலிருந்து நான் தொழிலுக்குப் போட்ட சொந்தப் பணம். எனக்குக் கிடைத்த பிரின்டில் அந்த வரியில் "BY TRF" என்று மட்டுமே இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்ற விவரம் இல்லை. பார்க்கிற தணிக்கை அதிகாரிக்கு அது கணக்கில் காட்டாத விற்பனையாகத்தான் தெரியும். அதற்கு வரியும் வட்டியும் அபராதமும் கேட்டால் நான் வாயால் சொல்லிப் பயனில்லை, காகிதம் வேண்டும். மென்பொருள் மாறியது 20-2-2021 வாக்கில். அதற்கு முந்தைய வரிகள் புதிய முறைக்குள் வரும்போது சுருக்கமாக வந்திருப்பது போல் தெரிகிறது. ஆகவே 1-4-2020 முதல் மாற்றம் நடந்த நாள் வரையிலான பகுதியைப் பழைய முறையின் பதிவிலிருந்து எடுத்துத் தருமாறு வேண்டுகிறேன். அது இயலாவிட்டால், மேற்சொன்ன 4,80,000 ரூபாய் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்பதைச் சான்றிலேயே ஒரு வரியாகக் குறிப்பிட வேண்டும்.

எண் மாற்றத்துக்கும் இதே போல ஒரு வரி தேவை. 0362 என முடியும் கணக்கு எந்த இருப்போடு நின்றதோ அதே இருப்போடு 4718 என முடியும் கணக்கு தொடங்கியது, இரண்டும் ஒரே வாடிக்கையாளரின் ஒரே கணக்குதான் என்று சான்றில் எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கணக்கை மூடிப் பணத்தை எங்கோ மாற்றியதாக யாராவது படித்துவிடுவார்கள்.

சி.சி. கணக்கில் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வட்டி கட்டப்படவில்லை. கொரோனாக் காலத்தில் ரிசர்வ் வங்கி அனுமதித்த வட்டி ஒத்திவைப்பைத் தங்கள் கிளைதான் எனக்குக் கொடுத்தது. செப்டம்பரில் அதை மொத்தமாகக் கட்டிவிட்டேன். பிறகு மத்திய அரசின் திட்டப்படி அந்த ஆறு மாதக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசம் நவம்பர் தொடக்கத்தில் வரவு வைக்கப்பட்டது. இந்தப் பின்னணி தெரியாமல் ஸ்டேட்மென்டை மட்டும் பார்த்தால் ஆறு மாதம் வட்டி கட்டாமல் விட்டவளாகத்தான் தெரிவேன். கடன் வாங்கி நேர்மையாகத் திருப்பிக் கட்டியவர்களுக்கு இப்படி ஒரு பெயர் வரக்கூடாது என்று மனதார நினைக்கிறேன். எனவே மாதாந்திர வட்டிப் பற்று, ஒத்திவைப்பு, செப்டம்பர் 2020-இல் நான் கட்டிய தொகை, நவம்பர் வரவு ஆகியவற்றின் குறிப்புகள் முழுதாக இருக்க வேண்டும். கணக்கை முடித்த 29-7-2022 வரியும், இருப்பு பூஜ்யம் என்பதும் கடைசிப் பக்கத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். நிலுவை இல்லை என்ற சான்றிதழின் நகல் கோப்பில் இருந்தால் அதையும் சேர்த்துத் தாருங்கள்.

அடுத்து, சான்று. வங்கியாளர் கணக்கேடுகள் சாட்சியச் சட்டம், 1891-இன் பிரிவு 2(8) சொல்கிறபடியான சான்று கேட்கிறேன். கணினிப் பிரின்ட் என்பதால் அதே சட்டத்தின் 2A பிரிவும் சேர்கிறது. ஒவ்வொரு தொகுப்பின் இறுதியிலும் இந்தப் பொருளில் இருந்தால் போதும்:

"மேலே உள்ள பக்கங்கள் எங்கள் வங்கியின் வழக்கமான கணக்கேடுகளில் உள்ள பதிவுகளின் உண்மை நகல்கள். அப்பதிவுகள் வங்கியின் அன்றாட அலுவல் முறையில் செய்யப்பட்டவை. அக்கணக்கேடுகள் இன்றும் வங்கியின் பொறுப்பில் உள்ளன."

இதன் கீழ் கையெழுத்திடும் அதிகாரியின் பெயர், பதவி, பணியாளர் எண், தேதி, கிளையின் வட்ட முத்திரை ஆகியவை வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையும் சுருக்கொப்பமும் இருக்க வேண்டும். 2A பிரிவின்படி கணினி முறைக்குப் பொறுப்பான அலுவலர், பதிவுகளின் பாதுகாப்பு முறைகள் பற்றித் தர வேண்டிய சான்றும் இணைய வேண்டும். அது வட்டார அலுவலகத்திலிருந்துதான் வர வேண்டும் என்றால் இன்றே அங்கு எழுதிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் நாள் போவது பெரும்பாலும் அங்கேதான்.

ஒவ்வொரு தொகுப்பிலும் இரண்டு பிரதிகள், இரண்டிலும் மைக் கையெழுத்து. ஒன்று மூலம், ஒன்று ஜெராக்ஸ் என்று தர வேண்டாம். பிடிஎஃப் கோப்பைப் பதிவு செய்த மின்னஞ்சலுக்கு அனுப்பினால் ஆடிட்டர் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்வார். ஆனால் தாளுக்கு அது மாற்று ஆகாது. காசோலை நகல்களோ வவுச்சர்களோ இப்போது தேவையில்லை.

நான் கேட்கும் காலம் முழுவதும் எட்டு ஆண்டுகளுக்குள் அடங்குகிறது. ஆவணப் பாதுகாப்புக்கான 1985-ஆம் ஆண்டு விதிகள் ஐந்து ஆண்டு, எட்டு ஆண்டு என்று இரு வகை வைத்திருப்பதை அறிவேன். அப்படியும் ஏதாவது ஒரு பகுதி கிடைக்கவில்லை என்றால் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, ஏன் கிடைக்கவில்லை என்று எழுத்தில் தந்துவிடுங்கள். தணிக்கை அதிகாரியிடம் அந்தக் கடிதத்தைக் காட்டி மேற்கொண்டு பேச முடியும்.

நடப்புக் கணக்குத் தொகுப்பு 28-11-2025-க்குள் கிடைத்தால் ஆடிட்டருக்கு ஒரு வாரம் இருக்கும். சி.சி. கணக்கு 15-12-2025 வரை பொறுத்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்து வரட்டும் என்று முதலாவதை நிறுத்தி வைக்க வேண்டாம். இதற்கான கட்டணத்தையும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யையும் 4718 என முடியும் கணக்கில் பற்று வைக்கச் சம்மதிக்கிறேன். தொகை 3,000 ரூபாயைத் தாண்டுமானால் எடுப்பதற்கு முன் ஒரு போன் மட்டும் செய்யுங்கள். கட்டண ரசீது என் பெயரில் வேண்டும்.

நகல்களை நான் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். வேறு யாரிடமும், ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வந்திருப்பதாகச் சொன்னாலும், என் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் இல்லாமல் தர வேண்டாம். இந்தக் கடிதத்தின் இரண்டாம் பிரதியில் பெற்ற தேதியும் முத்திரையும் இட்டு என்னிடம் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
இரா. கலைவாணி
உரிமையாளர், கலைவாணி முந்திரி மண்டி

இணைப்பு: ரத்து செய்த காசோலை, சி.சி. அனுமதிக் கடித நகல், பான் அட்டை நகல், முதல் எட்டு எண்கள் மறைத்த ஆதார் நகல், ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று நகல்; தணிக்கை அறிவிப்பின் முதல் பக்க நகல்; செப்டம்பரில் பெற்ற பிரின்டில் 18-2-2021 வரவைக் குறித்துக் காட்டிய பக்கம்.