விறாந்தையில் இருபது நிமிடம்

களுவாஞ்சிக்குடியில் விடிய முதல் எழும்பிச் சமைத்து, மட்டக்களப்பு பஸ்ஸைப் பிடிக்க ஓடும் எங்கள் பாடசாலை ஆசிரியைகளுக்காக எழுதிய உடற்பயிற்சித் திட்டம் இது. ஜிம் தேவையில்லை. ஒரு கதிரை, வாசற்படி, பாய், நேரம் பார்க்கப் போன், இவ்வளவும் போதும். 5 மணிக்குத் தொடங்கினால் 5.20க்கு அடுப்படிக்குப் போய்விடலாம். கச்சான் காற்றுக் காலத்தில் இதைவிடப் பிந்தினால் வெக்கை தாங்காது.

பிரஷருக்கோ சீனி வருத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் முதலில் கிளினிக்கில் கேளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் கேட்காமல் வெறும் வயிற்றோடு தொடங்கவே வேண்டாம். நெஞ்சு நோவு, தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்துங்கள்.

முதல் 3 நிமிடம்: நின்ற இடத்திலேயே நடை, பிறகு தோளைச் சுழற்றுதல், கடைசியில் முழங்காலை உயர்த்தி வேகநடை.

அடுத்த 14 நிமிடம்: நான்கு பயிற்சிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். நான்கும் முடிந்தால் ஒரு சுற்று. மூன்று சுற்றுகள், இடையில் ஒவ்வொரு நிமிட ஓய்வு. முதல் இரண்டு வாரம் அந்த நிமிடத்தில் 20 விநாடி செய்து 40 விநாடி ஆறுங்கள். அடுத்த இரண்டு வாரம் 30, 30. அப்புறம் 40 செய்து 20 ஆறுங்கள்.

முதலாவது, குந்தி எழும்புதல். தொடையிலும் பின்புறத்திலும்தான் உடம்பின் பெரிய தசைகள் இருக்கின்றன, அதனால் இதை அரைகுறையாகச் செய்யாதீர்கள். கதிரையைச் சுவரோடு ஒட்டி வைத்து, கால்களைத் தோளகலத்துக்கு விரித்து, பின்பக்கம் கதிரையில் தொட்டதும் கை ஊன்றாமல் எழும்புங்கள். முழங்கால் உள்ளே மடங்கக்கூடாது, கால்விரல் பார்க்கும் திசைக்கே போகவேண்டும். முழங்கால் நோவுள்ளவர்கள் கதிரையில் இரண்டு தலையணை வைத்து உயர்த்திக்கொள்ளலாம்.

இரண்டாவது, சுவரில் கை ஊன்றி நெஞ்சைக் கிட்டக் கொண்டுபோய்த் தள்ளுதல். பழகியதும் விறாந்தை அரைச்சுவரில் செய்யலாம். மூன்றாவது, வாசற்படியில் கால் மாற்றி மாற்றி ஏறி இறங்குதல். நான்காவது, பாயில் முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பைப் பலகைபோல் நேராகப் பிடித்தல். முதுகு வளைந்தால் முழங்காலை ஊன்றுங்கள்.

கடைசி 3 நிமிடம்: மெதுவாக நடந்து, தொடையையும் கெண்டைக்காலையும் இழுத்துவிடுங்கள்.

புதனும் ஞாயிறும் இதற்குப் பதிலாக இருபது நிமிட வேகநடை. தசைக்கும் ஓய்வு வேண்டும்.

வயிற்றுக்கு மட்டும் தனிப் பயிற்சி கேட்டீர்கள். வயிற்றுப் பயிற்சி அங்குள்ள கொழுப்பை மட்டும் தேடிக் கரைக்காது, உடம்பு முழுவதும் சேர்ந்துதான் இளைக்கும். அதற்கு வாயும் ஒத்துழைக்கவேண்டும். ஒரு தேக்கரண்டிச் சீனி 16 கலோரி. நாளுக்கு நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி என்றால் 192. இந்த இருபது நிமிடத்தில் எரிவது பெரும்பாலும் அதைவிடக் குறைவுதான். கரண்டியை மூன்றிலிருந்து ஒன்றாக்குங்கள், இரவுப் புட்டைப் பாதியாக்கி மீனையும் கீரையையும் கூட்டுங்கள்.

தராசில் தினமும் ஏறவேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் சாப்பிட முதல், தொப்புள் மட்டத்தில் நாடாவைச் சுற்றி அளந்து கலண்டரில் எழுதுங்கள்.