அறுவடைக்கு நாலு நாள் லீவு வேணும் அண்ணே

அண்ணே வணக்கம். கடையில் ஆள் நிற்கும்போது இதைப் பேச முடியவில்லை, அதனால்தான் வாட்ஸ்அப்பில் போடுகிறேன், சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படிங்க.

வருகிற புதன் (பிப்ரவரி 11) முதல் சனி (14) வரை நாலு நாள் எனக்கு லீவு வேண்டும். ஊரில் அப்பா குத்தகைக்கு எடுத்திருக்கும் ஆறு மா வயலும் அறுப்புக்கு வந்துவிட்டது. சி.ஆர். 1009 நெல் போட்டிருக்கிறோம், போன வாரக் காற்றிலேயே ஒரு மூலையில் சாய ஆரம்பித்துவிட்டது. மெஷின் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து வடுவூரில் நிற்கிறது, புரோக்கர் எங்களுக்குப் புதன்கிழமை என்று சொல்லிவிட்டார். வயலில் இன்னும் சேறு இருப்பதால் பெல்ட் மெஷின்தான் இறங்கும், அதை விட்டால் மறுபடி எங்கள் முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு ஏக்கர் அறுக்க நாலு நாளா என்று கேட்பீங்க. அறுக்கிறது இரண்டு மூன்று மணி நேர வேலைதான் அண்ணே, அதற்கு அப்புறம்தான் எல்லாமே. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் கொள்முதல் நிலையத்தில் எடுப்பார்கள், அதனால் நெல்லை ரோட்டில் கொட்டிக் காய வைத்து, மணிக்கொருதரம் கிளறிவிட்டு, ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடிப் பக்கத்திலேயே படுக்க வேண்டும், காய்ந்ததும் தூற்றி, கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய் எடை போடுகிற வரைக்கும் யாராவது அங்கேயே கிடக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி, கிளறுகிற பலகையைப் பிடித்து ஒரு மணி நேரம் நிற்க முடியாது. தம்பி திருப்பூரில், அவனுக்கு லீவு கிடையாது. அடங்கல், சிட்டா நகல் எல்லாம் வாங்கி வைத்தாகிவிட்டது, அதற்காக நான் தனியாக அலைய வேண்டியதில்லை.

சம்பளம் நாம் முன்னாடியே பேசியதுதான், வராத நாளுக்குக் கூலி இல்லை. நாள் 600 வீதம் நாலு நாளைக்கு 2400 பிடித்துக்கொள்ளுங்க. ஆறு நாளும் வந்தால் தருகிற 200 ரூபாயும் இந்த வாரம் எனக்கு வேண்டாம், அது நியாயம்தான். திங்கள், செவ்வாய் இரண்டு நாளுக்கு 1200 வரும். ஒரே ஒரு உதவி: தீபாவளி அட்வான்ஸுக்கு வாரம் 500 கழிக்கிறீங்க இல்லையா, அதை இந்த வாரம் மட்டும் விட்டுவிட்டு அடுத்த சனிக்கிழமை 1000 ஆகக் கழித்துக்கொள்ளுங்க. மெஷின் வாடகையைக் கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது, நெல் பணம் பேங்க் கணக்கில் வரும்வரை இழுத்துப் பிடிக்க வேண்டும். 1200-ஐ செவ்வாய் சாயங்காலமே கொடுத்தால் ரொம்ப உபகாரம், முடியாது என்றால் சனிக்கிழமை அப்பா டவுனுக்கு வரும்போது அவர் கையில் கொடுத்துவிடுங்க.

சனிக்கிழமை மதியத்துக்குள் எடை போட்டுவிட்டால் இரண்டு மணிக்குக் கடைக்கு வந்துவிடுவேன், அதற்கு அரை நாள் 300 போட்டுக்கொள்ளுங்க. மழை வந்து வேலை இழுத்தால் திங்கள் ஒரு நாள் கூட ஆகலாம், அப்படியானால் ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குள் போன் பண்ணிச் சொல்லிவிடுவேன், அந்த நாளுக்கும் அதே பிடித்தம்தான். சொல்லாமல் நிற்க மாட்டேன்.

கடைக்கு ஆள்: பெரியப்பா மகன் விக்கி வருகிறான், தீபாவளி நேரத்தில் ஒரு வாரம் நம்ம கடையில் நின்றவன், உங்களுக்கே தெரியும். எனக்குக் கழிக்கிற கூலியை அவனுக்குக் கொடுத்தால் போதும், கூடக் கேட்க மாட்டான். பைப் பிட்டிங் ராக்கில் மட்டும் அவன் தடுமாறுவான், எல்போவுக்கும் டீக்கும் இன்ச் கேட்டுக்கொண்டே நிற்பான், அதனால் செவ்வாய் சாயங்காலம் ஒவ்வொரு அட்டைப்பெட்டி மேலும் சைஸை மார்க்கரில் பெரிதாக எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். பெயிண்ட் மிக்ஸிங் மெஷினை அவன் தொட வேண்டாம், அதை நீங்களே பாருங்க. வியாழக்கிழமை சிமெண்ட் லோடு வந்தால் லாரியில் இருந்து இறங்க இறங்க மூட்டை எண்ணி எழுதச் சொல்லுங்க, கடைசியில் அடுக்கிலிருந்து எண்ணினால் கணக்கு உதைக்கும். ஷட்டர் சாவியை செவ்வாய் ராத்திரி உங்கள் வீட்டில் கொடுத்துவிடுகிறேன்.

புதன்கிழமை உங்களுக்கு ரொம்பச் சிரமம் என்றால் இன்றைக்கே சொல்லிவிடுங்க, புரோக்கரிடம் கெஞ்சி வியாழனுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன், ஆனால் அவர் கேட்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு அவருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும், அதனால் ராத்திரிக்குள் சரி என்று ஒரு வார்த்தை போடுங்க அண்ணே.

— செல்வம்