துணிப்பைக் கடை: லாப நட்டமற்ற விற்பனைக் கணக்குத் தாள்

காலம்: ஒரு மாதம், கடை திறந்திருக்கும் நாட்கள் 26. எல்லாத் தொகையும் ரூபாயில். ஒரே அளவுப் பை, ஒரே விலை என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

1. நிலையான செலவு (ஒரு பைகூட விற்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டியது)

| கட்டம் | விவரம் | தொகை |
|---|---|---|
| B1 | கடை வாடகை | 12,000 |
| B2 | உதவியாளர் சம்பளம் | 11,000 |
| B3 | உங்கள் சம்பளம் | 15,000 |
| B4 | மின்சாரம் | 1,400 |
| B5 | ஃபோன், இணையம் | 600 |
| B6 | அலமாரி, மேசை தேய்மானம் (54,000 ÷ 36 மாதம்) | 1,500 |
| B7 | கடன் வட்டி | 1,900 |
| B8 | கணக்கு எழுதும் கூலி | 600 |
| B9 | மொத்தம் | 44,000 |

B3-ஐ எடுத்துவிடச் சொன்னீர்கள். எடுத்தால் மாதம் 580 பை விற்றாலே போதும் என்று தாள் காட்டும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் இடத்தில் வேறொருவரை உட்கார வைத்தால் அவருக்குச் சம்பளம் கொடுக்காமல் முடியாது. வீட்டுச் செலவும் இந்தக் கடையிலிருந்துதான் போகிறது. அதனால் அது தாளில் இருக்கட்டும்.

2. மாறும் செலவு (ஒரு பைக்கு)

| கட்டம் | விவரம் | தொகை |
|---|---|---|
| B10 | விற்பனை விலை | 150 |
| B11 | கொள்முதல் | 82 |
| B12 | அச்சு | 6 |
| B13 | வண்டிக்கூலி | 5 |
| B14 | சுற்றும் தாள், கயிறு | 4 |
| B15 | கறை, தையல் பிரிந்து கழிவது | 3 |
| B16 | மொத்தம் | 100 |

B15-ஐப் பலரும் விட்டுவிடுவார்கள். நூறு பை வந்தால் ஏறக்குறைய மூன்று விற்க முடியாமல் போகிறது. அதன் விலையை மீதிப் பைகள்தான் சுமக்க வேண்டும்.

3. எத்தனை பை விற்க வேண்டும்?

ஒரு பை விற்றால் 150 − 100 = 50 ரூபாய் மிஞ்சுகிறது. இந்த ஐம்பதுகள் சேர்ந்து 44,000-ஐ அடைக்க வேண்டும்.

```
=ROUNDUP(B9/(B10-B16),0)
```

விடை 880 பை. விற்பனைத் தொகையில் 1,32,000. ஒரு நாளைக்கு 34 பை.

| பை | வரவு | மொத்தச் செலவு | லாபம் / நட்டம் |
|---|---|---|---|
| 0 | 0 | 44,000 | −44,000 |
| 400 | 60,000 | 84,000 | −24,000 |
| 800 | 1,20,000 | 1,24,000 | −4,000 |
| 880 | 1,32,000 | 1,32,000 | 0 |
| 1,000 | 1,50,000 | 1,44,000 | +6,000 |
| 1,200 | 1,80,000 | 1,64,000 | +16,000 |

கடந்த மூன்று மாதச் சராசரி விற்பனை 960 பை. அதாவது லாபம் 4,000. விற்பனை 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் சரிந்தாலே அந்த லாபம் போய்விடும். இடைவெளி மிகக் குறைவு.

4. கல்லாவில் பணம் சரியாக இருக்க

கணக்கில் லாபம் இருந்தும் மாதக் கடைசியில் கையில் பணம் இல்லையே என்று கேட்டீர்கள். காரணம் இதுதான்: கடன் அசலாக மாதம் 3,000 கட்டுகிறீர்கள். அது செலவு இல்லை, ஆனால் பணம் வெளியே போகிறது. தேய்மானம் 1,500 இதற்கு நேர்மாறு, செலவுதான் ஆனால் பணம் போவதில்லை. இரண்டையும் சரிக்கட்டினால் 44,000 − 1,500 + 3,000 = 45,500. அதை 50-ஆல் வகுத்தால் 910 பை. 960 விற்கும் மாதத்தில் கையில் மிஞ்சுவது 2,500 மட்டும். சரக்கைக் கூடுதலாக வாங்கி அடுக்கினால் அதுவும் அதில் முடங்கிவிடும்.

5. ஏதாவது ஒன்று மாறினால் தேவைப்படும் பைகள் (ஒரு கட்டம் சுமார் 40 பை)

```
விலை 160         ██████████████████               734
இப்போது          ██████████████████████           880
வாடகை +2,000     ███████████████████████          920
கொள்முதல் +5     ████████████████████████         978
விலை 140         ████████████████████████████    1,100
விலை 135         ███████████████████████████████ 1,258
```

வாடகை 2,000 கூடினால் 40 பைதான் அதிகம் விற்க வேண்டும். கொள்முதலில் வெறும் 5 ரூபாய் ஏறினால் 98 பை அதிகம். ஆகவே வீட்டுக்காரரிடம் பேரம் பேசுவதைவிடப் பை தைப்பவரிடம் பேசுவதுதான் முதல் வேலை.

கடைசி இரண்டு வரிகளைத்தான் நீங்கள் நன்றாகப் பார்க்க வேண்டும். அடுத்த மாதம் 10 சதவீதத் தள்ளுபடி தரலாமா என்ற யோசனையில் இருக்கிறீர்கள். விலையில் பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது, ஆனால் உங்களுக்கு மிஞ்சுவது 50-லிருந்து 35-க்கு இறங்குகிறது. இப்போதைய 4,000 லாபத்தைக் காப்பாற்றவே 1,372 பை விற்க வேண்டும், அதாவது 960-ஐவிட 43 சதவீதம் அதிகம். உதவியாளர் ஒருவரை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு 53 பை அச்சடித்துக் கட்டிக் கொடுக்க முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். முடியாமல் இன்னொரு ஆள் சேர்த்தால் B2-வும் மாறிவிடும்.

என் கருத்து: எல்லாப் பைக்கும் தள்ளுபடி வேண்டாம். அச்சில் பிழை வந்து ஓரமாகக் கிடக்கும் சரக்கை மட்டும் குறைத்து விற்றுவிடுங்கள். விலையை 160 ஆக்குவதை ஒரு மாதம் பார்க்கலாம். 960-இல் 160 பை குறைந்து 800 விற்றாலும் 800 × 60 = 48,000, இன்றைக்கு வரும் அதே தொகை. அதற்குக் கீழே இறங்கினால் மட்டும் பழைய விலைக்குத் திரும்பலாம்.

ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் B1 முதல் B8 வரையும் B10 முதல் B15 வரையும் உண்மைத் தொகையை எழுதுங்கள். கொள்முதல் பில் மாறிய அன்றே B11-ஐ மாற்றுங்கள்.