ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தை: ஐந்தாம் சுற்றுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு

நாள்: 9.7.2024, செவ்வாய்க்கிழமை, காலை 11.00 மணி முதல் பிற்பகல் 2.20 மணி வரை
இடம்: பம்ப்செட் தொழிற்சாலை நிர்வாக அலுவலகக் கூட்ட அறை, கோயம்புத்தூர்

நிர்வாகத் தரப்பில் பொது மேலாளர், மனிதவள மேலாளர், வார்ப்படப் பிரிவு மேலாளர், கணக்குப் பிரிவு அலுவலர் ஆகியோரும், சங்கத் தரப்பில் தலைவர், பொதுச் செயலாளர், பொருளாளர், வார்ப்படம், இயந்திரம், அசெம்பிளி ஆகிய மூன்று பிரிவுகளின் செயற்குழு உறுப்பினர்களும் கலந்துகொண்டனர். தரப்புக்கு ஒருவராக இரண்டு குறிப்பாளர்கள் தனித்தனியே எழுதிய குறிப்புகளை ஒப்பிட்டு இந்தப் பதிவு தயாரிக்கப்பட்டது.

பதிவின் தன்மை. இந்தக் குறிப்பு கூட்டத்தில் பேசப்பட்டதன் பதிவு மட்டுமே. இது தொழில் தகராறுகள் சட்டம், 1947-இன் 18(1) பிரிவின்படியான ஒப்பந்தம் ஆகாது. கூறப்பட்ட தொகைகள் அனைத்தும், எல்லாக் கோரிக்கைகளுக்கும் சேர்த்து ஒரே இறுதி ஒப்பந்தம் ஏற்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு, இரு தரப்பின் உரிமைகளுக்கும் பாதகமின்றிக் கூறப்பட்டவை. இறுதி ஒப்பந்தத்துக்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் தேவை என்று சங்கமும், இயக்குநர் குழுவின் ஒப்புதல் தேவை என்று நிர்வாகமும் தெரிவித்தன. 31.3.2024 அன்று காலம் முடிந்த பழைய ஒப்பந்தத்தின் பணி நிபந்தனைகள் புதிய ஒப்பந்தம் வரும் வரை அப்படியே தொடரும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

நான்காம் சுற்றுக் குறிப்பில் திருத்தம். 25.6.2024 கூட்டத்தின் குறிப்பில், “நிர்வாகம் மூன்று ஆண்டுகளுக்கு மாதம் ரூ.4,200 உயர்வு அளிக்க ஒப்புக்கொண்டது” என்று எழுதப்பட்டிருந்ததை மனிதவள மேலாளர் ஆட்சேபித்தார். தாம் கூறியது, உற்பத்தி அளவு குறித்த உடன்பாட்டோடு சேர்த்து ரூ.4,200 வரை பரிசீலிக்க முடியும் என்பதே என்றார். நிபந்தனையோடுதான் கூறப்பட்டது என்பதைச் சங்கப் பொதுச் செயலாளர் ஏற்றுக்கொண்டார். ஆனால் “பரிசீலிக்க முடியும்” என்ற சொல் அன்று பயன்படுத்தப்படவில்லை என்றும், “தர முடியும்” என்றே கூறப்பட்டது என்றும் தெரிவித்தார். இரண்டு குறிப்பாளர்களின் கைப்பிரதிகளையும் அங்கேயே எடுத்துப் பார்த்ததில், இரண்டிலும் “உற்பத்தி கூடினால் 4,200 வரை தரலாம்” என்ற வாசகம் இருந்தது. எனவே “ஒப்புக்கொண்டது” என்ற சொல் நீக்கப்பட்டு, கைப்பிரதியில் உள்ள வாசகமே பதியப்பட்டது. இதனை இரு தரப்பும் ஏற்றன. முந்தைய வாசகத்தின் அடிப்படையில் அறிவிப்புப் பலகையில் சங்கம் ஒட்டிய தாளை மாற்றி ஒட்டுவதாகச் சங்கத் தலைவர் கூறினார். பிழை குறிப்பாளர்களுடையது, சங்கம் வேண்டுமென்றே திரித்து வெளியிட்டதாக யாரும் கூறவில்லை.

ஊதிய உயர்வு. தொடக்கக் கோரிக்கையான மாதம் ரூ.9,000-இல் சங்கம் மாற்றம் செய்யவில்லை. எனினும், உயர்வு முழுவதும் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் சேர்க்கப்படுமானால் ரூ.7,500-ஐ ஒட்டிப் பேச ஆயத்தமாக இருப்பதாகப் பொதுச் செயலாளர் தெரிவித்தார். இது குறைக்கப்பட்ட கோரிக்கை அல்ல என்றும், உடன்பாடு ஏற்படாவிட்டால் ரூ.9,000 கோரிக்கையே நிலைக்கும் என்றும் பதியுமாறு அவர் கேட்டுக்கொண்டபடி இங்கே பதியப்படுகிறது. நிர்வாகம் ரூ.4,800 வரை செல்ல முடியும் என்றும், அது வார்ப்படப் பிரிவில் ஒரு ஷிப்டுக்கு எடுக்கப்படும் மோல்டுகளின் எண்ணிக்கை 110-இலிருந்து 124 ஆக உயர்வதைப் பொறுத்தது என்றும் பொது மேலாளர் கூறினார்.

இந்த இடத்தில் இரு தரப்பும் ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் ஆண்டது தெரியவந்தது. சங்கம் கூறிய ரூ.7,500 தொழிலாளியின் மொத்தச் சம்பளத்தில், பிடித்தத்துக்கு முன், கூடும் தொகை. நிர்வாகம் கூறிய ரூ.4,800 என்பது நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு, பணிக்கொடை ஒதுக்கீடு ஆகியவற்றையும் உள்ளடக்கிய செலவு என்று கணக்குப் பிரிவு அலுவலர் விளக்கினார். நான்கு சுற்றுகளிலும் இப்படியே கணக்கிடப்பட்டதா என்று சங்கப் பொருளாளர் கேட்டதற்கு, ஆம் என்று பதிலளிக்கப்பட்டது. இதை முன்பே தெளிவுபடுத்தாதது குறித்துச் சங்கம் தனது வருத்தத்தைத் தெரிவித்தது. மறைக்கும் எண்ணம் இருக்கவில்லை என்று மனிதவள மேலாளர் கூறினார். ஆகவே இந்த இரண்டு தொகைகளையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து “இடைவெளி ரூ.2,700” என்று எவரும் மேற்கோள் காட்டக் கூடாது, அவை ஒரே அளவுகோலில் சொல்லப்பட்டவை அல்ல. ரூ.4,800-இன் உட்பிரிவுகளைத் தனித்தனியே காட்டும் அட்டவணையை நிர்வாகம் 15.7.2024-க்குள் சங்கத்திடம் அளிக்கும் என்பதும், இனிமேல் எல்லாத் தொகைகளும் மொத்தச் சம்பள அடிப்படையில் மட்டுமே கூறப்படும் என்பதும் இரு தரப்பும் ஏற்ற முடிவுகள்.

உற்பத்தி அளவு. 124 மோல்டு என்பது இப்போதுள்ள இயந்திரங்களிலேயே எடுக்கக்கூடிய அளவு என்றார் பிரிவு மேலாளர். மணல் கலவை இயந்திரம் அடிக்கடி நிற்பதையும், கோடை மாதங்களில் பர்னஸ் அருகே நிற்க முடியாத நிலையையும் குறிப்பிட்டு, 110-ஐ எட்டுவதே கடினம் என்றார் வார்ப்படப் பிரிவுச் செயற்குழு உறுப்பினர். நீண்ட விவாதத்துக்குப் பின், ஜூலை 18, 19, 20, 22, 23, 24 ஆகிய ஆறு வேலை நாட்களில், தரப்புக்கு இருவர் வீதம் நால்வர் சேர்ந்து, முதல் ஷிப்டில் எடுக்கப்படும் மோல்டுகளையும், இயந்திரம் நின்ற நேரத்தையும் அதன் காரணத்தையும் ஒரே பதிவேட்டில் எழுதி, நாள்தோறும் கையொப்பமிடுவது என ஏற்கப்பட்டது. ஏற்கப்பட்டது கூட்டுப் பார்வை மட்டுமே. அதில் எந்த எண்ணிக்கை வந்தாலும் அதைப் புதிய உற்பத்தி அளவாக ஏற்கச் சங்கம் கடமைப்பட்டதாகாது. 124 என்ற தனது கோரிக்கையை நிர்வாகம் கைவிட்டதாகவும் ஆகாது. அந்த நாட்களின் எண்ணிக்கையை வைத்து எந்தத் தொழிலாளி மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படாது என்று பொது மேலாளர் உறுதியளித்தார்.

நடைமுறைக்கு வரும் நாள். 1.4.2024 முதல் நிலுவையுடன் வேண்டும் என்பது சங்கத்தின் நிலை. கையெழுத்தாகும் நாள் முதல் என்பது நிர்வாகத்தின் நிலை. உடன்பாடு இல்லை.

இரவு ஷிப்ட் படி. தற்போதைய ரூ.60-ஐ ரூ.85 ஆக உயர்த்துவதில் இரு தரப்புக்கும் கருத்தொற்றுமை உள்ளது. இறுதி ஒப்பந்தம் கையெழுத்தானால் மட்டுமே இது வழங்கத்தக்கதாகும், அதுவரை ரூ.60 தொடரும்.

வார்ப்படப் பிரிவுக் காற்றோட்டம். பழுதான இரண்டு எக்ஸாஸ்ட் விசிறிகளை 20.7.2024-க்குள் மாற்றவும், இரண்டாவது குடிநீர்க் குளிர்விப்பானை அதே நாளுக்குள் நிறுவவும் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. இது ஊதியப் பேச்சுவார்த்தையின் முடிவைச் சார்ந்ததல்ல என்று இரு தரப்பும் தெளிவாகக் கூறியதால், இந்தக் குறிப்பில் எந்த நிபந்தனையும் இன்றிப் பதியப்படும் பொறுப்பு இது ஒன்றே.

ஒப்பந்தத் தொழிலாளர் நிரந்தரம். இது இந்தப் பேச்சுவார்த்தையின் வரம்புக்குள் வராது என்றது நிர்வாகம். கோரிக்கைப் பட்டியலில் உள்ளதால் வரும் என்றது சங்கம். நேரமின்மையால் மேற்கொண்டு பேசப்படவில்லை. பேசாததைக் கொண்டு எந்தத் தரப்பும் மற்றதன் நிலையை ஏற்றதாகப் பொருள்கொள்ளலாகாது.

“அடுத்த சுற்றிலும் முன்னேற்றம் இல்லையென்றால் தொழிலாளர்கள் பொறுமையாக இருப்பார்கள் என்று என்னால் சொல்ல முடியாது” என்று சங்கத் தலைவர் கூறினார். இது வேலைநிறுத்த அறிவிப்பா என்று மனிதவள மேலாளர் கேட்டார். அல்ல, தொழிலாளர்களின் மனநிலையைத் தெரிவித்ததே என்று தலைவர் விளக்கினார். கேள்வியும் விளக்கமும் சேர்த்தே பதியப்படுகின்றன; முதல் வாசகத்தை மட்டும் தனியே எடுத்துக் காட்டுவது சரியான மேற்கோள் ஆகாது.

அடுத்த கூட்டம் 30.7.2024, செவ்வாய்க்கிழமை, காலை 11.00 மணிக்கு இதே அறையில் நடைபெறும்.

இந்தக் குறிப்பு 11.7.2024 அன்று இரு தரப்புப் பிரதிநிதிகளுக்கும் முழுமையாகப் படித்துக் காட்டப்பட்டது. “உற்பத்தி அளவு” பத்தியில் “முதல் ஷிப்டில்” என்ற சொற்கள் சங்கத்தின் வேண்டுகோளின்படியும், நிர்வாகத்தின் சம்மதத்துடனும் சேர்க்கப்பட்டன. கீழுள்ள கையொப்பங்கள் பதிவு சரியானது என்பதற்கு மட்டுமே இடப்பட்டவை.

(ஒப்பம்) மனிதவள மேலாளர், நிர்வாகத்துக்காக
(ஒப்பம்) பொதுச் செயலாளர், சங்கத்துக்காக
(ஒப்பம்) குறிப்பாளர்கள் இருவர்