ஒன்பதாம் வகுப்பு அறிவியல்: இரண்டாம் இடைப்பருவத் தேர்வு வினாத்தாள்

காரைக்குடி வட்டாரம்
நாள்: 20.11.2025, வியாழன்
நேரம்: 1 மணி 30 நிமிடம்
மொத்த மதிப்பெண்: 50

எழுதத் தொடங்குமுன் படியுங்கள்

பிள்ளைகளே, போன தேர்வில் படத்துக்கு இரண்டு விரற்கடை இடம்தான் விட்டிருந்தேன். ஒரு மாணவி கண்ணாடியையும் ஒளிக்கதிரையும் தாளின் ஓரத்தில் குறுக்கிக் குறுக்கி வரைந்திருந்தாள். அவளுக்குப் பாடம் தெரிந்திருந்தது. என் கோணமானியை வைத்து அளக்கத்தான் அங்கே இடமில்லை. அந்த அரை மதிப்பெண் போனது என் தவறு. அதனால் இந்த முறை ஒவ்வொரு படத்துக்கும் தனிக் கட்டம் போட்டிருக்கிறேன். படத்தைக் கட்டத்துக்குள்ளேயே வரையுங்கள். விளக்கத்தை விடைத்தாளில் எழுதுங்கள்.

பென்சிலும் அளவுகோலும் போதும். நிழல் தீட்ட வேண்டாம், வண்ணம் அடிக்க வேண்டாம். ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் எழுதி, அந்தப் பாகத்தைத் தொடும்படி ஒரு கோடு இழுங்கள். கோடு தொடாத பெயருக்கு மதிப்பெண் இல்லை. கைநடுங்கி வளைந்த கோட்டுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

வலப்பக்கம் இருப்பது மதிப்பெண் பத்தி. படவினாக்களில் எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று பிரித்தே கொடுத்திருக்கிறேன். அதைப் பார்த்து நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். கணக்குகளில் அலகு கட்டாயம்.

---

பகுதி அ. சரியான விடையைத் தேர்ந்து எழுதுங்கள் (8 × 1 = 8)

| எண் | வினா | மதிப்பெண் |
|---|---|---|
| 1 | ஆத்தங்குடி டைல்ஸின் மேல்முகம் மெருகு ஏற்றாமலே பளபளக்கிறது. அது எதன் மேல் வார்க்கப்படுகிறது? அ) மரப்பலகை ஆ) கண்ணாடித் தகடு இ) கோணிச் சாக்கு ஈ) செங்கல் | 1 |
| 2 | குழம்பு மசாலாவில் சேர்க்கும் கல்பாசி எந்த வகை உயிரி? அ) கடற்பாசி ஆ) பூ இதழ் இ) லைக்கன் ஈ) மரவேர் | 1 |
| 3 | சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து ஆவி பறக்கிறது. இந்த வினை: அ) வெப்பம் கொள்வது ஆ) வெப்பம் உமிழ்வது இ) ஒளியால் நடப்பது ஈ) மின்சாரத்தால் நடப்பது | 1 |
| 4 | நீற்றிய சுண்ணாம்பின் வாய்பாடு: அ) CaO ஆ) CaCO₃ இ) Ca(OH)₂ ஈ) CaCl₂ | 1 |
| 5 | சமதளக் கண்ணாடிக்கு 2 மீட்டர் முன்னால் நிற்கிறீர்கள். உங்களுக்கும் உங்கள் பிம்பத்துக்கும் இடையே உள்ள தொலைவு: அ) 1 மீ ஆ) 2 மீ இ) 3 மீ ஈ) 4 மீ | 1 |
| 6 | தெளிந்த சுண்ணாம்பு நீரில் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தால்: அ) சிவப்பாகவே இருக்கும் ஆ) நீலமாகும் இ) மஞ்சளாகும் ஈ) நிறமிழக்கும் | 1 |
| 7 | முற்றத்தில் சூடான காற்று மேலே எழ, குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வருகிறது. இது: அ) வெப்பக் கடத்தல் ஆ) வெப்பச் சலனம் இ) வெப்பக் கதிர்வீச்சு ஈ) ஆவியாதல் | 1 |
| 8 | ஒரு கிண்ணத்துக்கு மின்முலாம் பூசும்போது அந்தக் கிண்ணம் எந்த மின்வாயாக இருக்க வேண்டும்? அ) நேர்மின்வாய் ஆ) எதிர்மின்வாய் இ) எதுவானாலும் சரி ஈ) இரண்டும் இல்லை | 1 |

---

பகுதி ஆ. எவையேனும் ஐந்துக்கு விடையளியுங்கள் (5 × 2 = 10)

ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மூன்று வரி போதும். வீட்டில் ஆயாவோ அப்பத்தாவோ செய்வதைக் கவனித்திருந்தால் பாதி விடை உங்களிடமே இருக்கிறது. மீதிப் பாதிக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

| எண் | வினா | மதிப்பெண் |
|---|---|---|
| 9 | கறுத்துப்போன பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிறது. புளியில் உள்ள அமிலம் எது? அது எதை நீக்குகிறது? | 2 |
| 10 | புதிதாகப் பூசிய சுண்ணாம்புச் சுவர் நாளாக நாளாக இறுகிக் கல்லாகிறது. காற்றிலிருந்து அது எந்த வாயுவை எடுத்துக்கொள்கிறது? சமன் செய்த சமன்பாடு எழுதுங்கள். | 2 |
| 11 | ஊறுகாயைப் பீங்கான் ஜாடியில் வைக்கிறோம், அலுமினியப் பாத்திரத்தில் வைப்பதில்லை. ஏன்? | 2 |
| 12 | முற்றத்துக்குச் சரியும் ஓட்டுக்கூரை மேல் மழை விழும் கிடைமட்டப் பரப்பு 60 சதுர மீட்டர். ஒரு மழையில் 20 மி.மீ. பெய்தது. சிந்தாமல் சேகரித்தால் எத்தனை லிட்டர் கிடைக்கும்? (1 கன மீட்டர் = 1000 லிட்டர்) | 2 |
| 13 | மார்கழி விடியலில் தேக்குத் தூணைத் தொட்டால் இதமாக இருக்கிறது, பக்கத்துக் கருங்கல் தூண் சில்லிடுகிறது. இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான். அப்படியானால் வேறுபாடு எதனால்? | 2 |
| 14 | இரவு ஆட்டி வைத்த குழிப்பணியார மாவு காலையில் பொங்கி நிற்கிறது. மாவைப் பொங்கச் செய்யும் வாயு எது? குளிர்காலத்தில் மாவு தாமதமாகப் புளிப்பது ஏன்? | 2 |

---

பகுதி இ. கட்டத்துக்குள் படம் வரையுங்கள் (3 × 5 = 15)

மூன்றுமே கட்டாயம்.

15. பட்டாலைச் சுவரில் ஒரு சமதளக் கண்ணாடி செங்குத்தாக மாட்டியிருக்கிறது. அதன் முன் நிற்கும் மாணவியின் உயரம் 150 செ.மீ. கண் தரையிலிருந்து 140 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. உச்சி முதல் பாதம் வரை தன்னை முழுதாகப் பார்க்க அவளுக்கு எவ்வளவு நீளக் கண்ணாடி வேண்டும்? கண்ணாடியின் கீழ்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? கதிர்ப்படம் வரைந்து காட்டுங்கள். அளவுத்திட்டம்: 1 செ.மீ. = 25 செ.மீ. அவள் முன்னே பின்னே நகர்ந்தால் விடை மாறுமா என்று வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன் நின்று பாருங்கள். அதற்கு இங்கே மதிப்பெண் இல்லை, ஆனால் பார்க்க வேண்டிய விஷயம்.

| பகுதி | மதிப்பெண் |
|---|---|
| கண்ணாடி, மாணவி, கண் குறித்தல் | 1 |
| உச்சியிலிருந்தும் பாதத்திலிருந்தும் வரும் கதிர்கள், அம்புக்குறியுடன் | 2 |
| கண்ணாடியின் குறைந்தபட்ச நீளம் | 1 |
| கீழ்விளிம்பின் உயரம் | 1 |

படம் 15. அச்சுத்தாளில் கட்டத்தின் உயரம் 9 செ.மீ.

```
+------------------------------------------------+
|                                                |
|                                                |
|                                                |
|                                                |
|                                                |
|                                                |
|                                                |
+------------------------------------------------+
```

16. நம் ஊரில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1948இல் அடிக்கல் நாட்டி, 1953இல் திறந்தார்கள். அழகப்பச் செட்டியார் அதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அங்கே ஆராயப்படும் துறையின் அரிச்சுவடி இந்த வினா. தூய்மையற்ற தாமிரத்தை மின்னாற்பகுப்பு முறையில் தூய்மையாக்கும் அமைப்பை வரையுங்கள். எந்தத் தகடு மெலியும், எந்தத் தகடு தடிக்கும் என்று படத்திலேயே குறியுங்கள்.

| பகுதி | மதிப்பெண் |
|---|---|
| கலன், மின்கல அடுக்கு, இணைப்புக் கம்பிகள் | 1 |
| நேர்மின்வாய், எதிர்மின்வாய் சரியான முனையில் | 2 |
| மின்பகுளியின் பெயர் | 1 |
| மெலியும் தகடு, தடிக்கும் தகடு | 1 |

படம் 16. அச்சுத்தாளில் கட்டத்தின் உயரம் 8 செ.மீ.

```
+------------------------------------------------+
|                                                |
|                                                |
|                                                |
|                                                |
|                                                |
|                                                |
+------------------------------------------------+
```

17. முகப்பு, வளவு, நடுவே வானம் பார்த்த முற்றம், பின்னே இரண்டாங்கட்டு. முன்வாசலும் பின்வாசலும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. இந்த வீட்டை நெடுக வெட்டிப் பார்த்தால் தெரியும் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரையுங்கள். சித்திரை மாத நண்பகலில் காற்று எந்த வழியாக நுழைந்து எந்த வழியாக வெளியேறும் என்று அம்புக்குறியால் காட்டுங்கள். வீட்டின் அலங்காரம் எதுவும் வேண்டாம். சுவர், கூரை, திறப்பு, காற்று, இவ்வளவுதான்.

| பகுதி | மதிப்பெண் |
|---|---|
| வீட்டின் பாகங்கள், பெயர்களுடன் | 2 |
| சூடான காற்று எழும் இடம் | 1 |
| குளிர்ந்த காற்று வரும் திசை | 1 |
| காரணம், ஒரே வாக்கியத்தில் | 1 |

படம் 17. அச்சுத்தாளில் கட்டத்தின் உயரம் 8 செ.மீ., தாளின் முழு அகலம்.

```
+------------------------------------------------+
|                                                |
|                                                |
|                                                |
|                                                |
|                                                |
|                                                |
+------------------------------------------------+
```

---

பகுதி ஈ. பத்தியைப் படித்து விடையளியுங்கள் (10)

18. செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் வழுக்கும், வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கும். அதைப் பூசியவர்கள் சிமெண்ட்டை நம்பவில்லை. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, தண்ணீர் ஊற்றி நீற்றி, நாள்கணக்கில் ஊற வைத்தார்கள். மணல் சேர்த்து அரைத்தார்கள். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி கரைத்த நீரும் ஊற்றினார்கள். பல பூச்சுகளுக்கு மேல், வெண்ணெய் பதத்துக்கு அரைத்த சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து கடைசிப் பூச்சு. அது காய்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். கல்லை நிறுத்தினால் மெருகும் நின்றுவிடும் என்பதால் கொத்தனார் பாதியில் எழுந்து போக முடியாது.

| எண் | வினா | மதிப்பெண் |
|---|---|---|
| 18 அ | கிளிஞ்சலில் பெருமளவு இருக்கும் சேர்மத்தின் பெயரையும் வாய்பாட்டையும் எழுதுங்கள். | 2 |
| 18 ஆ | சூளையில் நடக்கும் வினைக்குச் சமன்பாடு எழுதுங்கள். அது என்ன வகை வினை? | 2 |
| 18 இ | 50 கிலோ கிளிஞ்சலை முழுவதும் சுட்டால் எத்தனை கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும்? கிளிஞ்சல் தூய்மையானது என்று கொள்ளுங்கள். (Ca = 40, C = 12, O = 16) | 3 |
| 18 ஈ | மீதி எடை எங்கே போயிற்று? எத்தனை கிலோ? | 1 |
| 18 உ | சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது பக்கத்தில் குனிந்து பார்க்கக் கூடாது என்பார்கள். இரண்டு காரணம் எழுதுங்கள். | 2 |

18 இ வினாவில் விடை தவறினாலும் மூலக்கூறு நிறை சரியாகக் கண்டிருந்தால் 1 மதிப்பெண் உண்டு. அதனால் வழிமுறையை அழிக்காதீர்கள்.

---

பகுதி உ. ஏதேனும் ஒன்றுக்கு மட்டும் விரிவாக விடையளியுங்கள் (1 × 7 = 7)

19 அ. குடிநீர் ஊருணி ஒன்றின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைந்து, வரத்துக்கால், படித்துறை, கரை, நீர்மட்டம் ஆகியவற்றைக் குறியுங்கள். வரத்துக்கால் வழியாகக் கலங்கி வரும் மழைநீர் சில நாள் கழித்துத் தெளிவது எப்படி? தெளிந்த நீரையும் காய்ச்சிக் குடிப்பது ஏன்? ஊருணியில் சோப்புப் போட்டுக் குளித்தால் நீருக்கும் அதில் வாழும் உயிர்களுக்கும் என்ன ஆகும்?

| பகுதி | மதிப்பெண் |
|---|---|
| படம், நான்கு பெயர்களுடன் | 3 |
| நீர் தெளியும் முறை | 1 |
| காய்ச்சுவதற்கான காரணம் | 1 |
| சோப்பின் விளைவு | 2 |

அல்லது

19 ஆ. அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் கல்பாசியை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாம்பல், மறுபக்கம் கறுப்பு. நாம் ஓர் உயிர் என்று நினைத்து வாணலியில் போடுவது உண்மையில் இரண்டு உயிர்களின் குடித்தனம். அதன் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைந்து, பூஞ்சை இழைகளையும் பாசிச் செல்களையும் குறியுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று என்ன கொடுக்கின்றன? சல்பர் டைஆக்சைடு மிகுந்த நகரக் காற்றில் லைக்கன்கள் அருகிப்போவதிலிருந்து நாம் எதை அறியலாம்?

| பகுதி | மதிப்பெண் |
|---|---|
| படம், பெயர்களுடன் | 3 |
| பூஞ்சை தருவது, பாசி தருவது | 2 |
| இந்த உறவின் பெயர் | 1 |
| காற்றின் தரம் பற்றி அறிவது | 1 |

படம் 19. இரண்டில் எதை எழுதினாலும் இதே கட்டம். கட்டத்தின் இடது மேல்மூலையில் 19 அ அல்லது 19 ஆ என்று குறியுங்கள். அச்சுத்தாளில் உயரம் 9 செ.மீ.

```
+------------------------------------------------+
|                                                |
|                                                |
|                                                |
|                                                |
|                                                |
|                                                |
|                                                |
+------------------------------------------------+
```