பூ வணிகச் செயலி: நிறுவனர்களுக்கான சொல்விளக்கம்

மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையிலிருந்து மல்லிகை வாங்கும் கடைகளுக்காக நாம் உருவாக்கிவரும் செயலியின் வாராந்திரக் கூட்டங்களில் டெவலப்பர்கள் பயன்படுத்தும் சொற்கள், அகரவரிசையில் அல்லாமல், ஒன்று விளங்கினால் அடுத்தது எளிதாகும் வரிசையில் இங்கே தரப்பட்டுள்ளன.

ஃப்ரன்ட்எண்ட்: கடைக்காரர் தம் கைப்பேசித் திரையில் பார்க்கும், தொடும் பகுதி.

பேக்எண்ட்: சர்வரில் இயங்கி, ஆர்டரைப் பதிந்து, விலையைக் கணக்கிட்டு, அனுமதிகளைச் சரிபார்க்கும் பகுதி. முகூர்த்த நாள் நெருங்கினால் மல்லிகை விலை ஒரே காலையில் பலமுறை மாறக்கூடும் என்பதால், கிலோ விலை இங்கேதான் இருக்க வேண்டும். அதைச் செயலிக்குள் எழுதிவைத்தால் ஒவ்வொரு விலை மாற்றத்துக்கும் புதிய பதிப்பை வெளியிட நேரும். ஒரு மாற்றத்தைக் கேட்கும்போது, அது எந்தப் பக்கத்து வேலை என்பதையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

டேட்டாபேஸ்: ஆர்டர், வாடிக்கையாளர், பாக்கி ஆகிய விவரங்கள் நிலையாகச் சேமிக்கப்படும் இடம்.

ஏபிஐ: ஒரு மென்பொருள் மற்றொன்றிடம் தகவலையோ வேலையையோ கேட்பதற்கு முன்கூட்டியே வகுக்கப்பட்ட முறை. நம் செயலி விலையைக் கேட்கும் வடிவம் இது:

```
GET /prices/malli
```

'ஏபிஐ முடிந்தது' என்றால் பேக்எண்ட் பதில் தரத் தயார் என்று மட்டுமே பொருள். திரையில் அது இன்னும் தெரியாமல் இருக்கலாம். யூபிஐ கட்டணத்துக்கு வெளி நிறுவனத்தின் ஏபிஐயைப் பயன்படுத்துகிறோம். அவர்களுடைய சர்வர் நின்றுபோனால் நம் குழுவால் அதைச் சரிசெய்ய முடியாது; கடைக்காரருக்குத் தெளிவான செய்தியைக் காட்ட மட்டுமே முடியும்.

பில்டு: எழுதிய நிரலை இயங்கக்கூடிய தொகுப்பாக மாற்றும் செயலுக்கும், அதனால் கிடைக்கும் தொகுப்புக்கும் இதுவே பெயர். கூகுள் பிளேயில் புதிய ஆண்ட்ராய்டு செயலிகள் 2021 ஆகஸ்ட் முதல் ஏஏபி எனப்படும் ஆண்ட்ராய்டு ஆப் பண்டில் வடிவில்தான் ஏற்றப்பட வேண்டும். பில்டு கிடைத்தது என்பதற்காகச் சோதனை முடிந்துவிட்டதாக எண்ணக் கூடாது.

ஸ்டேஜிங், புரொடக்‌ஷன்: முன்னது ஒத்திகைக்கான சர்வர், பின்னது உண்மையான ஆர்டர்கள் வந்து சேரும் சர்வர்.

டிப்ளாய்: பில்டை ஒரு சர்வரில் நிறுவி இயங்க வைத்தல். எந்தச் சர்வரில் என்று கேட்காதவரை இச்சொல் பாதிச் செய்திதான்.

ரிலீஸ்: மாற்றம் பயனரின் கைக்குச் சென்று சேர்தல். பேக்எண்ட் மாற்றம் டிப்ளாய் ஆனவுடனே எல்லோருக்கும் போய்ச் சேரலாம். கைப்பேசிச் செயலியோ கூகுளின் பரிசீலனையைக் கடந்து, பயனர்கள் அப்டேட் செய்யும் வேகத்தில்தான் பரவும். பழைய பதிப்பையே வைத்திருப்பவர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள் என்பதால், அவர்களுக்கான பழைய ஏபிஐயையும் சில காலம் நிறுத்தாமல் வைத்திருக்க வேண்டியிருக்கும். திருமண சீசன் தொடங்கும் வாரத்தில் பெரிய ரிலீஸ் கேட்பதைத் தவிர்க்கவும்.

ரோல்பேக்: பிழை தெரிந்தவுடன் முந்தைய பதிப்புக்குத் திரும்புதல். பேக்எண்டில் இது பெரும்பாலும் விரைவாக முடியும். கைப்பேசியில் நிறுவப்பட்டுவிட்ட செயலியைத் திரும்பப் பெற இயலாது, திருத்திய பதிப்பை அனுப்பவே முடியும். அவ்வாறு அவசரமாக அனுப்பும் சிறு திருத்தத்துக்கு ஹாட்ஃபிக்ஸ் என்று பெயர்.