லிஃப்ட் பழுது: கூட்டத்தில் பேசியதும் குறிப்பேட்டில் ஏறுவதும்

சார், ஞாயிற்றுக்கிழமை நடந்த நம் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் லிஃப்ட் பற்றிப் பேசிய பகுதியை எழுத்து நடைக்கு மாற்றிவிட்டேன். குறிப்பேட்டில் ஏற்றுவதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அதனால் ஒலிப்பதிவில் கேட்டதை அப்படியே முதலில் போட்டிருக்கிறேன், எழுத்து வடிவம் அதற்குக் கீழே. எனக்கு இழுபறியாக இருந்த இடங்களைக் கடைசியில் சொல்கிறேன்.

பேசியது

தலைவர்: சரி, எல்லாரும் வந்தாச்சா? லிஃப்ட் மேட்டர மொதல்ல முடிச்சுருவோம். சார், நீங்க சொல்லுங்க.

செயலாளர்: அது வந்து, லிஃப்ட் நின்னு ஒரு பத்து நாள் ஆச்சு. கம்பெனிக்காரங்க வந்து பாத்துட்டுப் போனாங்க. கன்ட்ரோல் போர்டு போயிருச்சாம். ரிப்பேர் பண்ணாலும் தாங்காதாம், புதுசு போட்டாத்தான் சரிப்பட்டு வருமாம். நான் வெளில இன்னொருத்தர்கிட்டயும் கேட்டிருக்கேன், அவரு இன்னும் வரல.

மூன்றாம் தள உறுப்பினர்: போன தடவையும் இதே கததான சொன்னாங்க? வருஷா வருஷம் பராமரிப்புக்குன்னு காசு கட்டுறோம்ல, அதுல இது வராதா? எங்க அம்மா இந்தப் பத்து நாளா கீழ எறங்கவே இல்ல. கொஞ்சம் சீக்கிரம் பாருங்க சார்.

பொருளாளர்: ஒப்பந்தத்துல பார்ட்ஸ் வராதுன்னு நெனைக்கிறேன், பாத்துட்டுத்தான் சொல்லணும். கையில இருக்கற காசுல போர்டு வாங்கிரலாம், ஆனா அதுக்கப்புறம் மோட்டார் கீட்டார் போச்சுன்னா ஒண்ணும் இருக்காது.

தரைத்தள உறுப்பினர்: நாங்க கீழயே இருக்கோம், லிஃப்ட்ல ஏறுறதே இல்ல. நாங்களும் சமமாக் குடுக்கணும்னா எப்படிங்க?

தலைவர்: அதத் தனியாப் பேசுவோம், இப்ப எடுத்தா விடிஞ்சுரும். மொதல்ல அந்த இன்னொருத்தரும் வந்து பாக்கட்டும். ரெண்டு கொட்டேஷனும் கையில வந்துட்டா அடுத்த ஞாயித்துக்கிழம உக்காந்து முடிவு பண்ணிரலாம். யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?

(யாரும் பேசவில்லை.)

மூன்றாம் தள உறுப்பினர்: அடுத்த வாரமும் இப்படியே இழுக்காம இருந்தாச் சரி.

எழுத்து வடிவம்

பொருள்: மின்தூக்கிப் பழுது

மின்தூக்கி குறித்து முதலில் பேசி முடிக்கலாம் என்று கூறிய தலைவர், விவரங்களைத் தெரிவிக்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொண்டார்.

மின்தூக்கி இயங்காமல் நின்று ஏறத்தாழ பத்து நாட்கள் ஆகிவிட்டன என்றும், பராமரிப்பு நிறுவனத்தார் நேரில் வந்து பார்த்துச் சென்றனர் என்றும் செயலாளர் தெரிவித்தார். கன்ட்ரோல் போர்டு பழுதாகிவிட்டது, அதைப் பழுதுபார்த்தாலும் நீடிக்காது, புதியதைப் பொருத்தினால்தான் சரியாகும் என்று நிறுவனத்தார் கூறியதாக அவர் குறிப்பிட்டார். வெளியே மேலும் ஒருவரிடம் கேட்டிருப்பதாகவும், அவர் இன்னும் வரவில்லை என்றும் கூறினார்.

முந்தைய முறையும் நிறுவனத்தார் இதையேதான் கூறினார்கள் என்று மூன்றாம் தள உறுப்பினர் சுட்டிக்காட்டினார். ஆண்டுதோறும் பராமரிப்புக்கெனக் கட்டணம் செலுத்தி வருவதால் இச்செலவு அதில் அடங்காதா என்று வினவினார். தம் தாயார் இந்தப் பத்து நாட்களாகக் கீழே இறங்கவே இல்லை என்று தெரிவித்து, விரைந்து கவனிக்குமாறு கேட்டுக்கொண்டார்.

உதிரிபாகங்கள் ஒப்பந்தத்தில் அடங்கா என்று தாம் கருதுவதாகவும், ஒப்பந்தத்தைப் பார்த்த பின்னரே உறுதியாகக் கூற இயலும் என்றும் பொருளாளர் பதிலளித்தார். கைவசம் உள்ள தொகையில் கன்ட்ரோல் போர்டு வாங்கிவிடலாம் என்றும், ஆனால் அதன் பிறகு மோட்டார் போன்றவை பழுதானால் கையிருப்பு எதுவும் இருக்காது என்றும் கூறினார்.

தாங்கள் தரைத்தளத்திலேயே வசிப்பதாகவும், மின்தூக்கியில் ஏறுவதே இல்லை என்றும் கூறிய தரைத்தள உறுப்பினர், தாங்களும் சமமான தொகை செலுத்த வேண்டுமென்றால் அது எவ்வாறு பொருந்தும் என்று கேட்டார். இப்போது அதை எடுத்தால் நேரம் மிகவும் நீண்டுவிடும், எனவே தனியாகப் பேசலாம் என்று தலைவர் கூறினார்.

மற்றொருவரும் முதலில் வந்து பார்க்கட்டும் என்றும், இரண்டு விலைப்புள்ளிகளும் கிடைத்துவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடி முடிவு செய்துவிடலாம் என்றும் தலைவர் தெரிவித்தார். ஆட்சேபணை உண்டா என்று அவர் கேட்டபோது எவரும் ஆட்சேபணை தெரிவிக்கவில்லை. அடுத்த வாரமும் இவ்வாறே காலம் தாழ்த்தாமல் இருக்க வேண்டும் என்று மூன்றாம் தள உறுப்பினர் கூறினார்.

அவ்வளவுதான். இனி நீங்கள் ‘இது என்ன இப்படி’ என்று கேட்கக்கூடிய இடங்கள்.

‘ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று வழக்கம்போல முடித்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் அன்றைக்கு எதுவும் தீர்மானிக்கப்படவில்லை, தலைவர் சொன்னது ‘பண்ணிரலாம்’, அதுவும் இரண்டு கொட்டேஷனும் வந்தால். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்ததை ஒப்புதல் என்று எழுதிவிட்டால் அடுத்த வாரம் யாராவது குறிப்பேட்டைப் புரட்டி ‘நான் எப்போது சம்மதித்தேன்’ என்று கேட்பார், அப்போது மாட்டிக்கொள்வது நீங்கள்தான். எழுத்து நடைக்கே இந்தக் குணம் உண்டு, பேசும்போது அரைகுறையாக விட்டதையெல்லாம் முடிந்துபோன காரியமாகக் காட்டிவிடும்.

அதேபோலத்தான் அந்த ‘போயிருச்சாம், தாங்காதாம், வருமாம்’. நீங்கள் போர்டைத் திறந்து பார்க்கவில்லை, வந்தவர்கள் சொன்னதைச் சொன்னீர்கள். வெறுமனே ‘பழுதாகிவிட்டது’ என்று எழுதினால் அது சங்கத்தின் முடிவு போல ஆகிவிடும், நாளைக்கு இரண்டாவது ஆள் வந்து ‘ரிப்பேரே போதும்’ என்றால் சிக்கல். அதனால்தான் ‘நிறுவனத்தார் கூறியதாக’ என்று வைத்தேன். ஒரே ஆள் வந்தாரா, இரண்டு மூன்று பேர் வந்தார்களா என்பதும் உங்கள் பேச்சில் தெரியவில்லை, மரியாதைக்காகவும் ‘வந்தாங்க’ என்போம். ‘நிறுவனத்தார் வந்தனர்’ என்றால் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

பொருளாளரின் ‘நெனைக்கிறேன்’ கட்டாயம் இருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் மூன்றாம் தளத்தாரின் கேள்விக்கு முடிந்த பதில் கிடைத்தது போல் ஆகும், உண்மையில் இன்னும் ஒப்பந்தத்தையே யாரும் பார்க்கவில்லை. ‘கததான’ என்பதில் இருந்த குத்தல் எழுத்தில் கொஞ்சம் குறைந்துதான் போயிற்று, ஆனால் ‘இதையேதான்’ என்பதில் புகார் தெரிகிறது, அது போதும். ‘கொஞ்சம் சீக்கிரம்’ என்றதில் உள்ள ‘கொஞ்சம்’ அளவு இல்லை, பணிவு. அதை ‘சற்று விரைந்து’ என்று எழுதினால் அவருக்கு அவசரம் குறைவு போலப் படும், ஆகவே விட்டேன்.

லிஃப்டை மின்தூக்கி என்று எழுதியது பழைய பக்கங்களில் அப்படி இருப்பதால். கன்ட்ரோல் போர்டை மட்டும் தமிழாக்கவில்லை, வரப்போகிற கொட்டேஷனில் அந்தப் பெயர்தான் இருக்கும்.

ஒரே ஒரு இடம்தான் உங்களிடம் கேட்க வேண்டியது. தரைத்தளத்தார் ‘நாங்க’ என்றது அவர் வீட்டை மட்டுமா, தரைத்தளத்தில் இருக்கும் எல்லா வீடுகளையுமா? ‘தாங்கள்’ என்று எழுதினாலும் அது தெளிவாகவில்லை, தெளிவாக்கினால் அவர் சொல்லாததை நான் சொன்னதாகிவிடும். இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறேன். நீங்கள் அவரையே கேட்டுவிட்டு இன்று இரவுக்குள் சொன்னால், அந்த வரியை மட்டும் திருத்தி நாளைக் காலையில் கையெழுத்துக்குத் தந்துவிடுகிறேன்.